ஆஃபர் லெட்டரை அப்பா அம்மாவுக்குத் தமிழில் எழுதித் தருவது எப்படி

அக்கா மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்து ஆஃபர் லெட்டர் வந்தது. சிவகாசியில் இருக்கும் அக்காவும் அத்தானும் அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் வரியிலேயே "ஆண்டுச் சம்பளம் 6,00,000 ரூபாய்" என்று எழுதிவிட்டேன். அத்தான் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 வரும் என்று கல்விக் கடன் தவணைக்கும் சின்னவளின் காலேஜ் ஃபீஸுக்கும் கணக்குப் போட ஆரம்பித்தார். கடிதத்தில் அந்த 50,000 எங்கேயும் கிடையாது. மறுநாள் முழுவதையும் திருப்பி எழுதினேன். இரண்டாவது முறை செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கடிதத்தின் முதல் பக்கத்தில் ஒரு பெரிய தொகைதான் இருக்கும். அதன் பிரிவுகள் கடைசியில் இணைப்பாக வரும் சம்பள அட்டவணையில் இருக்கும். அதை முதலில் தமிழாக்கிவிட்டால் மற்ற பக்கங்களில் எந்தச் சொல் எந்தத் தொகையைக் குறிக்கிறது என்று தெரிந்துவிடும்.

சிடிசி என்பதைச் "சம்பளம்" என்று எழுதக் கூடாது. "இவருக்காக நிறுவனம் ஓர் ஆண்டில் செய்யும் மொத்தச் செலவு" என்று எழுதுங்கள். வரி நீளம்தான், ஆனால் அதுதான் உண்மை. எங்கள் கடிதத்தில் அந்த 6,00,000 இப்படிப் பிரிந்திருந்தது:

- அடிப்படைச் சம்பளம்: மாதம் 25,000, ஆண்டுக்கு 3,00,000
- வீட்டு வாடகைப் படி: மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000
- சிறப்புப் படி: மாதம் 6,500, ஆண்டுக்கு 78,000
- நிறுவனம் கட்டும் பிஎஃப்: மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600
- கிராஜுவிட்டி: ஆண்டுக்கு 14,430
- மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: ஆண்டுக்கு 5,970
- செயல்திறன் ஊதியம்: ஆண்டுக்கு 60,000 வரை

மாதா மாதம் சம்பளமாக வருவது முதல் மூன்று மட்டுமே. கூட்டினால் 41,500. அதில் அவள் பங்கு பிஎஃப் 1,800 பிடித்தால் 39,700. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். அத்தான் நினைத்ததற்கும் இதற்கும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

இந்த 39,700 கடிதத்தில் அச்சாகவில்லை, நான் கணக்கிட்டது. அதனால் மொழிபெயர்ப்புக்குள் அதை நுழைக்காமல், கீழே கோடு போட்டு "குறிப்பு: இது என் கணக்கு" என்று தனியாக எழுதினேன். கடிதம் சொல்வதும் நாம் விளக்குவதும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், நாளைக்கு "கம்பெனியே 39,700 தருவதாக எழுதியிருக்கிறதே" என்று கேட்பார்கள்.

பிஎஃப்புக்கும் கிராஜுவிட்டிக்கும்கூடக் குறிப்பு தேவைப்பட்டது. நிறுவனம் கட்டும் பிஎஃப் கையில் வராவிட்டாலும் அவள் பெயரில்தான் சேரும். கிராஜுவிட்டி அப்படி இல்லை. பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்த பிறகுதான் அதற்கு உரிமை வரும். இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போனால் ஆண்டுதோறும் கணக்கில் காட்டிய அந்த 14,430 கிடைக்காது.

இரண்டாம் படி: "வரை", "தகுதி", "லாம்" ஆகியவற்றைத் தொலைக்காதீர்கள்

செயல்திறன் ஊதியத்தைப் பற்றிய வாக்கியத்தில் "எலிஜிபிள்" என்றும் "அப் டு" என்றும் இருந்தது. முதலில் "ஆண்டுக்கு 60,000 போனஸ் கிடைக்கும்" என்று எழுதியிருந்தேன். சரியான வடிவம் இது: "செயல்திறனைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 60,000 ரூபாய் வரை ஊதியம் பெற இவருக்குத் தகுதி உண்டு." முழுத் தொகையும் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். அதேபோல "சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படலாம்" என்று இருப்பதை "ஆண்டுதோறும் சம்பளம் உயரும்" என்று எழுதிவிடக் கூடாது. நல்ல செய்தி சொல்லும் ஆசையில் கை தானாகவே அப்படி எழுதிவிடும்.

மூன்றாம் படி: நோட்டீஸ் பீரியட்

இதை வெறும் "அறிவிப்புக் காலம்" என்று எழுதினால் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. நோட்டீஸ் என்றாலே வக்கீல் நோட்டீஸ்தான் அக்காவுக்கு நினைவு வந்தது. "வேலையை விடுவதாக எழுத்தில் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்" என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அதன் பிறகு நோட்டீஸ் காலம் என்றே எழுதுங்கள்.

இந்தப் பத்தியில் நான்கு கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாள்? எப்போதிலிருந்து? யாருக்குப் பொருந்தும்? நாட்களுக்குப் பதில் பணம் கட்டலாமா, அதை முடிவு செய்வது யார்? எங்கள் கடிதத்தின் தமிழ் இப்படி வந்தது:

"முதல் 6 மாதம் தகுதிகாண் பருவம். நிறுவனம் எழுத்து மூலம் பணியை உறுதிசெய்யும் வரை அது தொடரும். அந்தப் பருவத்தில் இரு தரப்பில் யார் விலகிக்கொண்டாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பணி உறுதியான பிறகு 90 நாள். நோட்டீஸ் நாட்களுக்குப் பதிலாக அடிப்படைச் சம்பளத்தைப் பெற்றுக்கொள்வது நிறுவனத்தின் விருப்பம்."

90 நாளை "மூன்று மாதம்" என்று மாற்றக் கூடாது. ஜூலை 1 முதல் மூன்று மாதம் என்றால் 92 நாள். கடிதத்தில் நாள் என்றால் நாள்தான். "அடிப்படைச் சம்பளம்" என்பதையும் சம்பளம் என்று சுருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு அடிப்படைச் சம்பளம் 75,000, மொத்தச் சம்பளம் 1,24,500. தவிர, ஆறு மாதம் முடிந்தாலே வேலை நிரந்தரம் என்று இங்கே சொல்லவில்லை. உறுதிக் கடிதம் கையில் வர வேண்டும்.

நான்காம் படி: "குடும்பம்" யார் யார்?

நான் மிகவும் தடுமாறியது இங்கேதான். "குடும்பத்துக்கு 3,00,000 ரூபாய் மருத்துவக் காப்பீடு" என்று எழுதியதும் அக்கா, "அப்ப என் முழங்கால் ஆபரேஷனுக்கு ஆகும்ல?" என்று கேட்டாள். நம் பேச்சில் குடும்பம் என்றால் அப்பா அம்மாதான் முதலில். ஆனால் கடிதம் குடும்பம் என்று எண்ணியது ஊழியர், கணவர் அல்லது மனைவி, இரண்டு பிள்ளைகள் வரை. அதனால் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு ஆட்களை வரிசையாக எழுதினேன். தொகை ஆளுக்கு 3,00,000 இல்லை, எல்லோருக்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு 3,00,000 என்பதையும் சேர்த்தேன்.

பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நாமாக எதையும் ஊகித்து எழுதக் கூடாது. அக்கா மகள் எச்ஆருக்கு மெயில் போட்டுக் கேட்டாள். தனியாக பிரீமியம் கட்டினால் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. அதைக் குறிப்பில் மெயில் தேதியோடு எழுதி வைத்தேன்.

கடைசிப் படி: இரண்டு பேராகச் சரிபாருங்கள்

ஒருவர் தமிழை உரக்கப் படிக்க, வேலை கிடைத்தவர் ஆங்கிலக் கடிதத்தில் ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் டிக் அடிக்கட்டும். முடிந்ததும் டிக் இல்லாத எண் ஏதாவது தெரிந்தால், அந்த வரி தமிழில் விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு வரி அகப்பட்டது. 12 மாதத்துக்குள் வேலையை விட்டால் 25,000 ஜாய்னிங் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி அது. தாளின் தலைப்பில் "இது படித்துப் புரிந்துகொள்ள மட்டுமே, கையெழுத்திடுவது ஆங்கிலக் கடிதத்தில்" என்றும் எழுதிவிடுங்கள்.

பிறகு அத்தானிடம் தாளைக் கொடுத்து, மாதம் எவ்வளவு வரும் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொன்னோம். "முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு, போனஸைக் கணக்குல எடுத்துக்கக் கூடாது" என்றார். கல்விக் கடன் தவணையை அந்தத் தொகையை வைத்துத் திரும்ப எழுதினார்.