கேனன் கட்டுரையில் செய்யக்கூடாத தவறுகள்

ஒவ்வொரு பருவமும் ஒரே தலைப்பில் கட்டுரைகள் மேசைக்கு வந்து சேரும்: 'சமயச் சமூகங்கள் தங்கள் வேதநூல் தொகுதியை எப்படி உருவாக்கி, எப்படி மூடின? ஒப்பிட்டு விளக்குக.' எழுத்துப்பிழை, மேற்கோள் குறி மாறியது, பக்க எண் விட்டுப்போனது என்பதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. ஆனால் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியம் வரும். அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கோபம் மாணவர் மேல் மட்டும் இல்லை. அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் எழுதினேன்.

'நைசியாவில் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்'

கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நைசியா நகரில் ஆயர்களைக் கூட்டி, எந்த நற்செய்தி உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்தார் என்பதுதான் அந்த வாக்கியம். முதுகலை படிக்கும்போது இதை வைத்தே இருபது பக்கம் எழுதினேன். ஆதாரத்துக்கு எங்கே போவது? 'நைசியா சங்கம் 20 கேனன்களை வெளியிட்டது' என்று ஒரு கலைக்களஞ்சியத்தில் பார்த்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்து அதை அடிக்குறிப்பில் போட்டேன்.

ஆசிரியர் கட்டுரையைத் திருத்தவே இல்லை. 'அந்த இருபதையும் படித்துவிட்டு, எந்த எண்ணில் நூல் பட்டியல் இருக்கிறது என்று வந்து சொல்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். முதலாவது, தன்னைத் தானே காயடித்துக்கொண்டவர் குருவாக இருக்கக்கூடாது. மூன்றாவது, குருக்கள் தாய், சகோதரி போன்றவர்களைத் தவிர வேறு பெண்களை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. நான்காவது, புதிய ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும். பதினேழாவது, குருக்கள் வட்டிக்கு விடக்கூடாது. இருபதாவது, ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிடாமல் நின்றுகொண்டே மன்றாட வேண்டும். அவ்வளவுதான். நூல் பட்டியல் எங்கேயும் இல்லை. 'கேனன்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அளவுகோல், விதி என்று பொருள். சங்கம் போட்டவை ஒழுங்கு விதிகள். வேதநூல் தொகுதிக்கும் அதே சொல் வழங்குவதால் நான் ஏமாந்தேன். கட்டுரை முழுவதும் 'பேரரசர் தீர்மானித்தார்' என்ற தூணின் மேல் நின்றது. தூண் போனதும் இருபது பக்கமும் போயிற்று. ஒரு பருவம் வீண்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்கச் சங்க வரலாற்றுத் தொகுப்பில், நூல்களைப் பலிபீடத்தருகே வைத்து மன்றாடியபோது உண்மையானவை மேலேயும் போலிகள் கீழேயும் கிடந்தன என்று ஒரு அற்புதக் கதை வருகிறது. சங்கம் நடந்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து எழுதியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் அதை எடுத்துக் கிண்டலடித்தார். கிண்டலைப் படித்தவர்கள் கதையை நினைவில் வைத்துக்கொண்டார்கள். நம் காலத்துப் பரபரப்பு நாவல்கள் அதிலிருந்து அற்புதத்தைக் கழற்றிவிட்டு அரசியல் சதியைப் பூட்டின.

இதைவிட நல்ல சான்று, அந்தச் சங்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருவர். செசரியாவின் ஆயர் யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் நூல்களைத் தரம் பிரிக்கிறார்: எல்லாரும் ஏற்றவை, சிலர் மறுப்பவை, போலியானவை. யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு, யோவானின் இரண்டாம் மூன்றாம் கடிதங்கள் ஆகியவை மறுப்புக்கு உள்ளானவை. வேடிக்கை என்னவென்றால், புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான திருவெளிப்பாட்டை 'சரி என்று பட்டால்' ஏற்றவற்றோடும் வைக்கிறார், 'சரி என்று பட்டால்' போலிகளோடும் வைக்கிறார். ஒரு வரலாற்றாசிரியர் ஒரே நூலை இரண்டு தட்டிலும் வைத்தால் அன்றைய நிலைமை அதுதான் என்று பொருள். அப்புறம் இவரே கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையையும் எழுதினார். நைசியாவைப் பற்றி அதில் நிறையவே சொல்கிறார். நூல் தேர்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஐம்பது வேதப் பிரதிகள் எழுதி அனுப்பச் சொல்லி அரசர் தமக்கு எழுதிய கடிதத்தையும் அதில் தருகிறார். நல்ல தோலில், படிக்க வசதியாக எழுத வேண்டும் என்று அரசர் கேட்கிறார். எந்தெந்த நூல்கள் என்று சொல்லவில்லை.

கெட்டிக்கார மாணவர் ஒருவர், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமை எடுத்து வருவார். யூதித்து நூலுக்கு எழுதிய முன்னுரையில், நைசியா சங்கம் அதை வேதநூல்களில் ஒன்றாக எண்ணியதாக வாசிக்கிறோம் என்று ஜெரோம் சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரு நூலைப் பற்றி, சங்கம் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்துக் கேள்விப்பட்ட செய்தி. அதை வைத்து ஒரு தொகுதியே மூடப்பட்டது என்று சொல்ல முடியாது.

ஒரு தேதியைச் சோதிக்க எளிய வழி உண்டு: அந்தத் தேதிக்குப் பிறகும் அதே ஆட்கள் சண்டை போடுகிறார்களா என்று பாருங்கள். 325க்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, எருசலேமின் சிரில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்களுக்குப் புதிய ஏற்பாட்டின் பட்டியலைச் சொல்லிக்கொடுக்கிறார். திருவெளிப்பாடு அதில் இல்லை. நைசியாவில் முடிந்திருந்தால் எருசலேமின் ஆயருக்குத் தெரியாமலா போயிருக்கும்?

நைசியாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் 367ஐ வைப்பது

திருத்தச் சொன்னால் பலர் செய்வது இது. நானும் செய்தேன். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய 39ஆம் பாஸ்காக் கடிதத்தில்தான் இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள், கூட்டாமல் குறைக்காமல் முதன்முதலாக வருகின்றன. எனவே '367இல் மூடப்பட்டது' என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த ஆண்டு பாஸ்கா எந்த நாள் என்று எகிப்தின் திருச்சபைகளுக்கு அறிவிக்கும் வருடாந்தரச் சுற்றுமடல் அது. அதற்குள் அவர் மூன்று அடுக்குகள் வைக்கிறார். முதலாவது கேனனில் அடங்கியவை. கடைசியில் இருப்பது தள்ளவேண்டிய போலி நூல்கள். நடுவில் ஒன்று உண்டு: கேனனில் இல்லை, ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். சாலமோனின் ஞானம், சீராக், யூதித்து, தோபித்து, திருத்தூதர் போதனை, எர்மாவின் மேய்ப்பர் ஆகியவற்றோடு எஸ்தரும் இந்த நடு அடுக்கில்தான் இருக்கிறது. அதாவது இன்று எல்லாப் பைபிளிலும் இருக்கிற எஸ்தர் அவருடைய பழைய ஏற்பாட்டில் இல்லை. '27 சரியாக வந்துவிட்டது' என்று கைதட்டுகிறவர்கள் முந்தைய பத்தியைப் படிப்பதில்லை.

ஆட்சி எல்லையையும் பாருங்கள். அவருடைய சொல் எகிப்தில் செல்லும். 397இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சங்கம் அதே 27ஐ ஏற்றது. ஆனால் பழைய ஏற்பாட்டில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் நூல்களைச் சேர்த்துக்கொண்டது. அதோடு, இந்தத் தொகுதியை உறுதிப்படுத்தக் கடல்கடந்த திருச்சபையைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் எழுதியது. முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தால் யாரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? கிழக்கே சிரியாக் மொழி பேசிய சபைகளின் பைபிளான பெஷிட்டாவில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22 மட்டுமே. கத்தோலிக்கத் திருச்சபை முழுமைக்கும் கட்டுப்படும் தீர்மானமாகப் பட்டியல் வந்தது திரெந்து சங்கத்தில், 1546இல். அதுவும் லூத்தர் கேள்வி எழுப்பிய பிறகு.

ஆக ஒரு நூல் பட்டியல் எழுதப்படுவது ஒன்று, தொகுதி மூடப்படுவது இன்னொன்று. பட்டியல் எழுதுகிறவர் நடந்ததைப் பதிவு செய்கிறாரா, நடக்கவேண்டும் என்று விரும்புவதை எழுதுகிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அத்தனாசியுஸ் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்.

பழைய பிரதியில் இருப்பதெல்லாம் கேனன் என்று எண்ணுவது

4ஆம் நூற்றாண்டின் கிரேக்க பைபிளான சினாய் பிரதியில் பர்னபா கடிதமும் எர்மாவின் மேய்ப்பரும் இருக்கின்றன. கடைசியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தைத்ததால் வேதம் ஆகிவிடாது. ஆனால் ஏன் அங்கே தைத்தார்கள் என்று கேட்டால் நல்ல பத்தி ஒன்று கிடைக்கும்.

யவ்னே 'சங்கம்'

யவ்னே நகரில் யூத ரபீக்கள் கூடி எபிரேய வேதத்தை மூடினார்கள் என்பது, யூதர்களுக்கு ஒரு நைசியா வேண்டுமே என்று 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கருதுகோள். விடுங்கள்.

ஒப்பீடு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது

கிறித்தவத்துக்கு மூன்று பக்கம், இஸ்லாத்துக்கு இரண்டு, பௌத்தத்துக்கு ஒன்று என்று எழுதினால் அது ஒப்பீடு இல்லை. ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேளுங்கள். என் கேள்வி இதுதான்: மூட அதிகாரம் உள்ளவர் அங்கே இருந்தாரா?

சீக்கியத்தில் இருந்தார். குரு அர்ஜன் 1604இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்தார். பாய் குர்தாஸ் எழுத்தராக இருந்தார். போட்டிக் குழுவினர் குருமாரின் பெயரில் தாங்களே பாடல் புனைந்து பரப்பியதும் இதற்கு ஒரு காரணம். கபீர், நாமதேவர், பரீத் போன்ற வெளியாரின் பாடல்களும் உள்ளே வந்தன. அப்போதும் கதவு முழுதாகச் சாத்தவில்லை. ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் பிறகு சேர்ந்தன. 1708இல் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் நூலே குரு என்றார். அதன்பின் சேர்க்கும் தகுதி உடைய ஆள் இல்லை. மூடியதன் பொறிமுறை இதுதான்: பட்டியல் நிற்பது தனிக் கட்டளையால் அல்ல, குருமரபு முடிந்துவிட்டதால்.

சைவத் திருமுறையில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை மீட்டு நம்பியாண்டார் நம்பி வகுத்தார் என்கிறது மரபு. மூவர் தேவாரம் முதல் ஏழு. பதினோராம் திருமுறையில் தொகுத்தவரான நம்பியின் சொந்த நூல்களே பத்து இருக்கின்றன. அப்புறம் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணம் பன்னிரண்டாவதாக வந்து அமர்ந்தது. இனிமேல் கூடாது என்று யாரும் ஓலை அனுப்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பதின்மூன்றாவது வரவில்லை. அடுத்து எழுந்த மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கும் அதே வரிசையில் சேராமல் தனியாக ஒரு தட்டில் வைக்கப்பட்டன. மூடியது என்பதற்கு இங்கே சான்று, புதிய நூலுக்குப் புதிய தட்டு செய்யத் தொடங்கினார்கள் என்பது. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் கட்டுரை தானே நடக்கும்.

எண்ணைச் சொல்லி ஆளைச் சொல்லாதது

'பைபிளில் 66 நூல்கள்': சீர்திருத்தச் சபையாருக்கு. கத்தோலிக்கருக்கு 73, எத்தியோப்பியருக்கு 81.

சொல்லிலேயே தீர்ப்பு எழுதுவது

தோபித்தும் யூதித்தும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு 'இணைத் திருமுறை நூல்கள்'. சீர்திருத்தச் சபையார் பலர் வாயில் அவையே 'தள்ளுபடி ஆகமங்கள்'. இரண்டில் எதைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். போன பருவம் ஒரு மாணவர் முதல் பக்கத்தில் ஒன்றையும் நான்காம் பக்கத்தில் மற்றதையும் போட்டிருந்தார். இரண்டு புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.