மூத்த குடிமக்கள் சங்க அறிவிப்பு: எங்கே கோட்டை விடுகிறோம்?

சங்கத்தில் கண் பரிசோதனை முகாம் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"எதிர்வரும் செவ்வாயன்று நமது சங்கத்தின் சார்பில் நடைபெறவிருக்கும் இலவச கண் பரிசோதனை முகாமில் பங்கேற்க விரும்பும் உறுப்பினர்கள் கீழ்க்காணும் இணைப்பில் முன்பதிவு செய்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இலக்கணத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் படித்து முடித்தவருக்கு எத்தனை மணிக்கு, எங்கே என்று தெரியாது. 'எதிர்வரும் செவ்வாய்' என்பது எழுதியவருக்கு ஒரு தேதி, நான்கு நாள் கழித்துப் பலகையில் பார்ப்பவருக்கு வேறு தேதி. தேதி, கிழமை இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மாற்றிப் படித்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். 'காலை', 'மாலை' என்பதையும் விடாதீர்கள்.

அடுத்த தவறு, ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைப்பது. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று முடிக்க ஆரம்பித்தாலே வாக்கியம் நீண்டுவிடும், செய்ய வேண்டிய வேலை நடுவில் எங்கேயோ மறைந்துவிடும். 'பெயர் கொடுங்கள்', 'வாருங்கள்' என்று நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. வாக்கியத்துக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். அதே அறிவிப்பை மாற்றினால்:

கண் பரிசோதனை முகாம்.
மார்ச் 10, செவ்வாய். காலை 10 மணி.
இடம்: சங்கக் கட்டடம், தரைத்தளம். படி ஏற வேண்டாம்.
கட்டணம் இல்லை.
பழைய கண்ணாடியைக் கொண்டு வாருங்கள்.
கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டி வர வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.
மார்ச் 6, வெள்ளிக்குள் பெயர் கொடுங்கள்.

சொட்டு மருந்து விஷயம் முதல் அறிவிப்பில் இல்லவே இல்லை, கவனித்தீர்களா? முகாம் நடத்துபவர்களுக்குப் பழகிப்போன சங்கதி, அதனால் எழுதத் தோன்றாது. ஆனால் தனியாக ஸ்கூட்டரில் வந்தவர் திரும்பிப் போக முடியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பது இந்த ஒரு வரி விட்டுப்போனதால்தான். படி ஏற வேண்டாம் என்ற வரியும் அப்படியே, முட்டி வலிக்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

சரி, இணையத்தில் இல்லாதவர்கள்? வெறும் இணைப்பு, அல்லது கட்டம் கட்டமான கியூஆர் படம் மட்டும் போட்டால் அவர்களுக்குக் கதவைச் சாத்தியது போலத்தான். "மேலும் விவரங்களுக்கு" என்று கீழே பொடி எழுத்தில் ஓர் எண்ணைப் போடுவதும் போதாது. அந்த வரி இப்படி இருக்கட்டும்:

இணையம் இல்லையா? போன் செய்யுங்கள். (எண்)
பேசுபவர்: (பெயர்). காலை 10 முதல் 12 வரை. ஞாயிறு கிடையாது.

எண் தனி வரியில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து, போனைப் பார்த்து, மறுபடி காகிதத்துக்கு வரும்போது கண் இடம் தவறும், அதனால் எண்களை மூன்று நான்காகப் பிரித்து இடைவெளி விட்டு எழுதுங்கள். மூன்று பேரின் எண்ணைப் போட்டால் ஆளாளுக்கு 'அவர் எடுப்பார்' என்று இருந்துவிடுவார்கள். ஒன்று போதும், அது எடுக்கப்படும் எண்ணாக இருக்கட்டும். செயலாளர் எண்ணைப் போடுவது வழக்கம்தான், ஆனால் முகாம் அன்று காலையில் அவர் மேசை நாற்காலி நகர்த்திக்கொண்டிருப்பார், வழி கேட்டு வரும் போனை யார் எடுப்பது? அன்றைக்கு வேறு ஒருவர் கையில் அந்தப் போன் இருக்க வேண்டும்.

திருப்பிக் கூப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மிஸ்டு கால் கொடுங்கள், நாங்கள் பேசுகிறோம்' என்று எழுதிவிட்டு, வேறு எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள். தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று பிள்ளைகள் சொல்லி வைத்திருப்பார்கள், அதுவும் சரியான புத்திமதிதான், அதனால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். அச்சிட்ட எண்ணிலிருந்தே கூப்பிடுங்கள். "ஓடிபி, வங்கி விவரம் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம்" என்று ஒரு வரியும் சேருங்கள்.

எழுத்தளவு 16 புள்ளிக்குக் குறைய வேண்டாம், வெள்ளையில் கறுப்பு. பூ பார்டர், வண்ணப் பின்னணி எல்லாம் வேண்டாமே.

தேதி மாறினால்தான் உண்மையான குழப்பம். வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள், பலகையில் பழைய தாளே தொங்கும், சிலர் அதில் பேனாவால் அடித்துத் திருத்துவார்கள். பழையதை எடுத்துவிட்டு, மேலே 'தேதி மாற்றம்' என்று போட்டுப் புதுத் தாள் ஒட்டுங்கள். போனில் பெயர் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லியாக வேண்டும். அதற்கு, பெயர் வாங்கும்போதே நோட்டில் அவர் எண்ணையும் எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.