ஒன்பதாம் பக்கம் எங்கே? கோர்ட்டுக்கு வங்கி ஸ்டேட்மென்ட் வாங்கப் போகிறவர்களுக்கு

பணம் கொடுத்து ஏமாந்த வழக்கோ, இடம் வாங்கச் சொல்லி அனுப்பிய தொகை பற்றிய தகராறோ, ஊரில் நடக்கும் சிவில் வழக்கில் சாட்சி சொல்ல வருகிற வெளிநாட்டுத் தமிழர்களின் பையில் கட்டாயம் இருக்கும் தாள் வங்கி ஸ்டேட்மென்ட். லீவு மூன்று வாரம். அதில் வாய்தா ஒரு நாள். அந்த ஒரு நாளில் வக்கீல் தாளை நீட்டும்போது எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், பிழையைச் சரிசெய்து அடுத்த வாய்தாவுக்குள் கொண்டுவர நாம் ஊரில் இருக்க மாட்டோம். அதனால் தாளை வங்கி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு சொந்த அனுபவத்தில்தான்.

சித்தப்பா மகனுக்கு 2018 ஜனவரியில் என் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நான்கு லட்சம் ரூபாய் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பினேன். திரும்பி வரவில்லை. 2020-இல் வழக்குப் போட்டோம். போன வருடம்தான் சாட்சி விசாரணைக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்பே நெட்பேங்கிங்கில் பி.டி.எஃப். இறக்கி வக்கீலுக்கு அனுப்பியிருந்தேன். அவர் போனில் சிரித்தார். "அடியில் என்ன எழுதியிருக்கு பாருங்க. கணினியில் உருவானது, கையொப்பம் தேவையில்லைன்னு இருக்கா? நமக்குத் தேவைப்படுறதே அந்தக் கையொப்பம்தான்" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டம் இருக்கிறது: 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம். வங்கியின் மூலப் பேரேட்டைக் கோர்ட்டுக்குத் தூக்கி வர முடியாது. அதற்குப் பதில் சான்றளித்த நகல் போதும் என்கிறது அது. ஆனால் நகல் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "இது உண்மை நகல், இந்தப் பதிவு வங்கியின் வழக்கமான புத்தகத்தில், வழக்கமான அலுவல் நடைமுறையில் எழுதப்பட்டது, அந்தப் புத்தகம் இன்னும் வங்கியின் வசம் இருக்கிறது" என்ற சான்று நகலின் அடியில் வர வேண்டும். அதில் தேதியும், வங்கியின் தலைமைக் கணக்கர் அல்லது மேலாளரின் கையொப்பம், பெயர், பதவியும் இருக்க வேண்டும். இப்போது எல்லாம் கணினியில் இருப்பதால், 2000-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது 2ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, இது கணினிப் பதிவின் அச்சுப்படி என்று மேலாளர் ஒரு சான்று தருவார். கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சொல்லி ஒன்றும், அது சரியாக இயங்கியது என்று ஒன்றும் தர வேண்டும்.

கவனித்தீர்களா, இதில் முத்திரை என்ற சொல்லே இல்லை. பக்க எண்ணும் இல்லை. ஊரில் எல்லோரும் "சீல் இருக்கா, சீல் இருக்கா" என்றுதான் கேட்பார்கள். ஆனால் சட்டம் கேட்பது கையொப்பமும் அதோடு வரும் வாசகமும்தான். பளிச்சென்ற உருண்டை முத்திரை பதினேழு பக்கத்திலும் இருந்து, கடைசிப் பக்கத்தில் சான்று வாசகம் இல்லாவிட்டால் அது வெறும் ஸ்டேட்மென்ட்தான். என்றாலும் முத்திரையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தாளும் அந்தக் கிளையிலிருந்துதான் வந்தது என்று காட்டுவது அதுதான். நடுவில் ஒரு தாளை மாற்றிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்வதையும் அது தடுக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். கிளைக்குப் போய்ப் பாஸ்போர்ட், பான் கார்டு நகல்களோடு கடிதம் கொடுத்தேன். கணக்கு எண், 1.4.2017 முதல் 31.3.2019 வரை என்ற காலம், வழக்கு எண், "நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, சான்றளித்த நகல்" என்ற வரி எல்லாம் அதில் இருந்தன. காலத்தைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வாய்மொழியாகச் சொன்னால் கவுண்டரில் இருப்பவர் ஆறு மாதத்தை அடித்துக் கொடுத்துவிடுவார். பழைய வருடங்களை ஆவணக் காப்பிலிருந்து எடுக்க நாலைந்து நாள் ஆகலாம் என்றார்கள். மூன்றாம் நாளே கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. செவ்வாய் வாய்தா.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து தாள்களை எண்ணினேன். நிதியாண்டு வாரியாக அச்சடித்திருந்தார்கள். அதனால் எண்கள் ஒன்று முதல் பதினொன்று வரை போய், மறுபடி ஒன்றில் தொடங்கி ஆறில் முடிய வேண்டும். மொத்தம் 17. என் கையில் 16. முதல் கட்டில் எட்டுக்கு அடுத்து பத்து.

எண்ணைப் பார்க்கத் தோன்றாமல் போயிருந்தாலும் இருப்புத் தொகை காட்டிக் கொடுத்திருக்கும். எட்டாம் பக்கத்தின் கடைசி வரியில் மீதி 5,62,340 ரூபாய். பத்தாம் பக்கத்தின் முதல் வரியில் ஏ.டி.எம்.மில் 5,000 எடுத்திருக்கிறது, மீதி 1,37,340. அப்படியானால் அந்த வரிக்கு முன் 1,42,340 இருந்திருக்க வேண்டும். நடுவில் 4,20,000 போயிருக்கிறது. எங்கே போனது என்று சொல்லும் தாள்தான் இல்லை. என் வழக்கே அந்த நான்கு லட்சம்தான்!

அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கியிருக்கும், எடுத்தவர் திரும்ப அடிக்க மறந்திருப்பார், சீல் வைத்தவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். யார் மீதும் கோபமில்லை. ஆனால் அதை அப்படியே தாக்கல் செய்திருந்தால் குறுக்கு விசாரணையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. "உங்களுக்குப் பாதகமான பக்கத்தை நீங்களே உருவிவிட்டீர்கள் என்கிறேன்." அதற்கு நான் என்ன சொல்வேன்?

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி மீதியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியோடு ஒட்டிப் பார்ப்பது. சில வங்கிகள் பக்கத் தலைப்பிலேயே "முன்பக்க மீதி" என்று அச்சிடும். அப்போது இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும். இல்லாவிட்டால் முதல் வரியின் பற்றைக் கூட்டியோ வரவைக் கழித்தோ பின்னோக்கிப் போக வேண்டும். பதினேழு பக்கத்துக்குப் பத்து நிமிடம். அப்புறம், ஆண்டுவாரிக் கட்டுகள் இருந்தால் 31 மார்ச் மீதியும் 1 ஏப்ரல் தொடக்க மீதியும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். எண்கள் மறுபடி ஒன்றில் தொடங்குவது தவறல்ல. ஆனால் குழப்பம் தரும். அதனால் மேலாளரிடமே சொல்லி, எல்லாத் தாளுக்கும் மேல் மூலையில் 1 முதல் 17 வரை தொடர் எண்ணைப் பேனாவால் எழுதி ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் வாங்கினேன். நீங்களே எண் எழுதாதீர்கள். சான்றளித்த தாளில் நம் கையெழுத்து ஒன்று புகுந்தால் அதற்கும் ஒரு கேள்வி வரும்.

திங்கள் காலை பத்து மணிக்கே கிளை வாசலில் நின்றேன். அதிகாரி ஒன்பதாம் பக்கத்தை மட்டும் அடித்துச் சீல் வைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் மேடம், முழுக் கட்டையும் புதிதாகக் கொடுங்கள் என்றேன். ஒரு தாளில் மட்டும் வேறு அச்சுத் தேதி இருந்தால் அதை விளக்க வேறொரு சாட்சி தேவைப்படும். அவர் முகம் சுளித்தாலும் அடித்துக் கொடுத்தார்.

அப்போதுதான் சான்றுத் தாளையும் நிதானமாகப் படித்தேன். அது வங்கியின் அச்சுப் படிவம், நிரப்ப வேண்டிய இடங்களோடு. கணக்கு எண் எழுதியிருந்தது. காலம் எழுதியிருந்தது. "பக்கங்கள்" என்ற இடம் வெறும் கோடு. சான்று தனித்தாளில் இருக்கும்போது அந்தக் கோடுதான் உயிர்நாடி. 1 முதல் 17 வரையுள்ள பக்கங்களுக்கு இது பொருந்தும் என்று எழுதாவிட்டால், அந்தச் சான்றை எந்தக் கட்டோடும் சேர்த்துக் குத்திவிடலாம்.

கையொப்பத்திலும் ஒரு சங்கதி இருந்தது. மேலாளர் மீட்டிங்கில் இருந்ததால் வேறொருவர் "மேலாளருக்காக" என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தார், கீழே பெயரும் இல்லை. வங்கியின் மற்ற வேலைகளுக்கு இது நடக்கும். சட்டம் பெயரையும் பதவியையும் கேட்கும் இடத்தில் நடக்காது. மேலாளர் வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அவர் கையொப்பத்தின் கீழ் பெயர், பதவி, பணியாளர் எண் உள்ள நீள முத்திரையையும் பக்கத்தில் கிளையின் உருண்டை முத்திரையையும் வைத்து, தேதி போட்டுக் கொடுத்தார். நாளை தேவைப்பட்டால் வங்கிச் சாட்சியாக யாரை அழைப்பது என்று கோர்ட்டுக்குத் தெரிய அந்தப் பெயர் வேண்டும். 2018-இல் இருந்த மேலாளர் எப்போதோ மாற்றலாகிப் போயிருப்பார். அது பிரச்சினை இல்லை. இன்று பொறுப்பில் இருப்பவர் கையெழுத்திட்டால் போதும்.

இன்னொரு சான்றும் சேரும். மின்னணுப் பதிவுகளுக்கான சான்று, பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 63(4). ஏ, பி என்று இரண்டு பகுதிகள் உள்ள படிவம், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் ஹாஷ் மதிப்பையும் கேட்கும். அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால் எனக்கு 65பி தலைப்பில் வாங்கினோம். உங்கள் வழக்குக்கு எது என்று வக்கீலிடம் கேட்டு, வாசகத்தை அச்சடித்தே கையோடு எடுத்துப் போங்கள். பல கிளைகளில் இந்தப் படிவம் தயாராக இருக்காது.

வங்கி இணைப்பில் சிக்கியவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் ஒரு பெயர், இன்றைய ஸ்டேட்மென்ட் தலைப்பில் வேறு பெயர் என்று இருக்கும். கணக்கு எண்ணும் மாறியிருந்தால் பிராதில் எழுதிய எண்ணோடு பொருந்தாது. பழைய எண்தான் இந்தப் புதிய எண் என்று மேலாளரிடம் ஒரு வரி சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிராளியின் கணக்கு அறிக்கை வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. அதற்குக் கோர்ட் உத்தரவு வேண்டும், வங்கி அதுவரை வாய் திறக்காது.

செவ்வாய்க்கிழமை என் கட்டு வாதி தரப்புச் சான்றாவணமாக, வா.சா.ஆ. 3 என்று குறியீடு ஆனது. எதிர்த்தரப்பு வக்கீல் வாங்கி, எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒன்பதாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைசித் தாளுக்குப் போய்ப் பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூலக் கட்டு கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. நல்லவேளையாகத் திங்களன்றே இரண்டு செட் வாங்கியிருந்தேன். இரண்டாவது சிங்கப்பூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.