காலாண்டுக் கணக்கு: எந்த இலக்கை விடுவது, எதை வைத்துக்கொள்வது

ஜனவரி முதல் வாரத்தில் போன மூன்று மாதக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தால் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நடுவில் புயல் எச்சரிக்கை வேறு, பாதி இலக்குகள் அதிலேயே நின்றுபோயிருக்கும். மழையால் நின்றதையும் வாழ்க்கை மாறியதால் பொருந்தாமல் போனதையும் ஒரே கோட்டில் அடித்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு நோட்டில் எல்லா இலக்குகளையும் எழுதி, எதிரே அதை எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "பிரெஞ்சு கத்துக்கணும்" என்பது காரணம் ஆகாது, அது இலக்கேதான். கடலூரில் இருக்கும் என் சித்தி மகள் எழுதியது இப்படி: பிரெஞ்சு பி1 தேர்வு, புதுச்சேரியில் சுற்றுலா வேலைக்குப் போக. சில்வர் பீச்சில் காலை நடை, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னதால்.

அடுத்து, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நடை மூன்று மாதமாகப் படுத்துவிட்டது, ஆனால் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, மழைதான் விட்டுவிட்டது. அந்த இலக்கு நோட்டில் இருக்கட்டும். பிரெஞ்சு வகுப்புக்கு அவள் ஓரளவு ஒழுங்காகவே போயிருக்கிறாள், ஆனால் இப்போது கடலூரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை, அதை விடும் எண்ணமும் இல்லை. ஆக, நன்றாக நடந்துகொண்டிருந்த இலக்குதான் வெளியே போக வேண்டியது. எது பின்தங்கியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்திருந்தால் தலைகீழாக முடிவெடுத்திருப்பாள்.

சந்தேகம் இருந்தால் ஒரு கேள்வி: இது உங்களிடம் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்றைக்குப் புதிதாகச் சேர்ப்பீர்களா? "சேர்க்க மாட்டேன்க்கா, ஆனா இவ்ளோ ஃபீஸ் கட்டிட்டேனே" என்றாள். கட்டிய பணம் தொடர்ந்தாலும் போனதுதான், விட்டாலும் போனதுதான். இனி கட்டப்போகும் ஃபீஸ், வகுப்பு நாளில் பஸ்ஸிலேயே கழியும் இரண்டு மணி நேரம், இவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். மொழி பிடித்திருக்கிறது என்றால், வீட்டில் படிப்பதைப் புதுக் காரணத்தோடு தனி இலக்காக எழுதிக்கொள்ளலாம், தேர்வு வேண்டாம்.

அப்புறம், விட்டதை முழுசாக விடுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், அடுத்த தவணையை நிறுத்துங்கள், அலாரத்தை அழியுங்கள், மேஜையில் கிடக்கும் புத்தகத்தை வேண்டுபவருக்குக் கொடுங்கள். இதெல்லாம் அப்படியே கிடந்தால் இலக்கும் மனசில் கிடந்து அரிக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஆசை வந்தால் பார்க்க அது வேண்டும்.

முடிவே வரவில்லையா? மார்ச் கடைசி வரை தொடாமல் ஓரமாக வையுங்கள், ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. அதுவரை அதைத் தேடவில்லை என்றால் அடித்துவிடலாம். கிடைத்த நேரத்தில் உடனே இன்னொரு இலக்கைத் திணிக்காதீர்கள், முதலில் நின்றுபோன நடை திரும்ப ஓட ஆரம்பிக்கட்டும்.