புடலை, கோவை, பீர்க்கு: கடையில் அடையாளம் கண்டு இளசாக எடுப்பது எப்படி?

மூன்றும் பச்சை, மூன்றும் கொடியில் காய்ப்பவை. புதிதாகக் காய் வாங்குபவர்கள் குழம்பிப்போவதில் ஆச்சரியமில்லை. பெயர் தெரிந்துவிட்டாலும் பாதி வேலைதான் முடிகிறது. மூன்றும் முற்றினால் வீண். முற்றலைக் காட்டும் இடமோ ஒவ்வொன்றிலும் வேறு.

படி 1: முதலில் தோலைத் தடவுங்கள்

கை வைத்ததும் மேடும் பள்ளமுமாக, காம்பிலிருந்து நுனிவரை நரம்புகள் எழும்பி நின்றால் அது பீர்க்கங்காய். பொதுவாகப் பத்து நரம்புகள் இருக்கும். மற்ற இரண்டுக்கும் தோல் வழவழப்பு.

வழவழப்பான இரண்டிலும் வெள்ளைக் கோடுகள் ஓடும் என்பதால் கோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், அளவைப் பாருங்கள். கோவைக்காய் விரல் நீளத்தைத் தாண்டாது, நடுவில் லேசாகப் பருத்திருக்கும். புடலங்காயில் நீள ரகம் ஒரு மீட்டரையும் தாண்டும். குட்டை ரகம் கூட ஒரு சாண் அளவாவது இருக்கும். அதன் தோலில் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய மெழுகுப் பூச்சும் தெரியும்.

படி 2: இளசு வேறு, புதுசு வேறு

பலர் இடறுவது இங்கேதான். இளசு என்பது கொடியில் எத்தனை நாள் இருந்தது என்பதைப் பொறுத்தது. புதுசு என்பது பறித்து எத்தனை நாள் ஆனது என்பது. நேற்றுப் பறித்த காய் முற்றலாகவும் இருக்கலாம், பிஞ்சாகப் பறித்தது கடையில் கிடந்து வதங்கியும் போயிருக்கலாம். வதங்கிய பிஞ்சை அன்றைக்கே சமைத்தால் சமாளித்துவிடலாம். முற்றலை என்ன செய்தாலும் இளசாக்க முடியாது. எனவே இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், என் ஓட்டு வதங்கிய பிஞ்சுக்கே.

புதுசா என்று அறிய மூன்றுக்கும் ஒரே சோதனை போதும்: காம்பு வெட்டிய இடம் பச்சையாக, ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: பீர்க்கங்காய்க்கு எடை

அதிகம் ஏமாற்றுவது இதுதான். முற்றினாலும் வெளியே பச்சையாகவே இருக்கும், உள்ளேதான் நார் வலைபோல் பின்னத் தொடங்கியிருக்கும்.

ஒரே நீளத்தில் இரண்டு காய்களைக் கைக்கொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். இடதுகைக் காய் ஒல்லி, வலதுகைக் காய் அடிப்பக்கம் பருத்தது. பெரியதை எடுக்கத்தான் மனம் சொல்லும். பருத்தது அதற்கேற்ற கனமில்லாமல் லேசாக இருந்தால், உள்ளே சதை வற்றி நாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இப்போது விரல் நுனியால் நரம்பை அழுத்துங்கள். ஒல்லிக் காயில் லேசாக அமுங்கும், மற்றதில் கட்டை மாதிரி நிற்கும். ஒல்லியை எடுங்கள். வீட்டில் நறுக்கினால் சதை வெள்ளையாக, ஈரமாக, விதையும் வெள்ளையாக இருக்கும். மற்றதை நறுக்கியிருந்தால் கத்தியில் நார் சிக்கும், விதையும் கெட்டிப்பட்டிருக்கும்.

நகத்தால் குத்திப் பார்க்க வேண்டாம். குத்திய இடம் கருத்து, அடுத்தவர் வாங்கும் காய் கெட்டுப்போகும்.

படி 4: புடலைக்குப் பருமன்

காய் முழுக்க ஒரே பருமனாக, விறைப்பாக இருக்க வேண்டும். நடுவில் உப்பி, அழுத்தினால் பஞ்சாக உள்வாங்கினால் விதை முற்றிவிட்டது. தோலில் எங்காவது மஞ்சளோ ஆரஞ்சோ படர்ந்திருந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது, உள்ளே விதையைச் சுற்றிச் சிவப்புச் சதை இருக்கும். வளைந்திருப்பது குறையல்ல. நேராகத் தொங்குவதற்காகவே சில விவசாயிகள் நுனியில் கல் கட்டிவிடுவார்கள், கட்டாதது சுருண்டு வளரும்.

படி 5: கோவைக்குக் கெட்டித்தன்மை

இதில் வெளிநிறத்தை நம்ப முடியாது. தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே சிவந்திருக்கலாம். இரு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள்: கல்லாக நின்றால் எடுக்கலாம், நெகிழ்ந்தால் விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் கடைக்காரரிடம் கேட்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையாக இருந்தால் அந்தக் குவியலையே நம்பலாம். ஒல்லியானவற்றையே பொறுக்குங்கள்.

படி 6: வீட்டில் ஒரு துண்டு

கசப்பை மட்டும் கடையில் கண்டுபிடிக்க வழியே இல்லை. பீர்க்கங்காயில் எப்போதாவது கடுங்கசப்பான காய் வந்துவிடும், பார்வைக்கு இளசாகவே இருக்கும். நறுக்கும்போது ஒவ்வொரு காயிலும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுதாக எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். புடலையிலும் இதே சோதனையைச் செய்துகொள்வது நல்லது.