ஆண்டு ஜிஎஸ்டி ஒத்திசைவு அறிக்கை: டிசம்பருக்குக் காத்திருக்கும் வணிகர் செய்யும் தவறுகள்

வேலூர் லாங்கு பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மூன்றாம் வாரத்தில்தான் அதிகமான அழைப்புகள் வருகின்றன. ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் டிசம்பர் 31 என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பர் 30-ஆம் தேதியோடு, அந்த ஆண்டின் தவறுகளைத் திருத்தும் வாய்ப்பில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான விற்பனைப் பில்லைத் திருத்துவதானாலும், வரியோடு கூடிய கிரெடிட் நோட்டைக் காட்டுவதானாலும், கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரி வரவு விட்டுப்போயிருந்து அதை எடுப்பதானாலும், சட்டம் தரும் எல்லை அந்த நவம்பர் 30 தான். அதற்கு முன்னரே ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டால், தாக்கல் செய்த அன்றே அந்த வாய்ப்பு முடிந்துபோகும். ஆகையால் புத்தகத்தையும் மாத அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிட்டு, தாக்கலை மட்டும் டிசம்பருக்கு வைத்துக்கொள்வதே முறை.

யார் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்த விற்றுமுதல் 2 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு GSTR-9 என்னும் ஆண்டு அறிக்கையிலிருந்து விலக்கு உண்டு. 5 கோடியைத் தாண்டியவர்கள் அதனுடன் GSTR-9C என்னும் ஒத்திசைவு அறிக்கையையும் சேர்த்துத் தர வேண்டும். 2020-21 ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ஆடிட்டர் சான்று தேவையில்லை, வணிகரே உறுதிமொழி அளித்தால் போதும். இந்த 5 கோடி ஒரு கடைக்கு உரிய கணக்கன்று. ஒரே பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதும் உள்ள விற்பனையின் கணக்கு. வேலூரில் மூன்றரைக் கோடியும் சித்தூரில் தனிப் பதிவின் கீழ் 1.8 கோடியும் விற்பவர், இரண்டு பதிவுகளுக்கும் தனித்தனியே GSTR-9C தர வேண்டியவர் ஆகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் கிளை வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி, 2024-25 ஆம் ஆண்டுக்காக நான் பார்த்த ஒரு பெயிண்ட், ஹார்டுவேர் மொத்தக் கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். புரிவதற்கு வசதியாகத் தொகைகளை முழுமையாக்கித் தருகிறேன். வரி நீங்கலாகப் புத்தகத்தில் இருந்த விற்பனை 5,36,40,000 ரூபாய். மாதந்தோறும் வரி கட்டுவதற்காகத் தாக்கல் செய்யும் GSTR-3B அறிக்கைகள் பன்னிரண்டையும் கூட்டினால் வந்தது 5,34,10,000 ரூபாய். வேறுபாடு 2,30,000. "ஐந்து கோடியில் இரண்டு லட்சம்தானே, 'மற்றவை' என்று போட்டுவிடலாமே" என்றார் உரிமையாளர். இவ்வாறு வருட மொத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதைத்தான் முதல் தவறாக நான் கருதுகிறேன். ஏனெனில் அந்த 2,30,000 என்பது ஒரே பிழையின் அளவன்று. எதிரெதிர்த் திசையில் போன இரண்டு தொகைகள் கழிந்து நின்ற மிச்சம்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே புத்தக விற்பனை, விற்பனைப் பில்களைப் பதிவேற்றும் GSTR-1 அறிக்கையின் தொகை, GSTR-3B தொகை என மூன்று பத்திகளை நிரப்பினோம். பத்து மாதங்கள் ரூபாய் மாறாமல் ஒத்துப்போயின. மார்ச்சில் புத்தகம் 4,10,000 கூடுதலாக இருந்தது. பிப்ரவரியில் 1,80,000 குறைவாக இருந்தது. அதன்பின் பார்க்க வேண்டியவை அந்த இரண்டு மாதப் பில்கள் மட்டுமே.

மார்ச் வேறுபாட்டுக்குக் காரணம், 29-ஆம் தேதி குடியாத்தம் கடை ஒன்றுக்குப் போட்ட பில். அது மார்ச் GSTR-1-இல் விட்டுப்போய், ஏப்ரல் அறிக்கையில் சேர்க்கப்பட்டு, அதற்கான 18 சதவீத வரி 73,800 ரூபாயும் அப்போது கட்டப்பட்டிருந்தது. வரி கட்டியாகிவிட்டதே, இதற்கு மேல் என்ன என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. அந்த விற்பனை 2024-25-ஐச் சேர்ந்தது என்பதால் அதை GSTR-9-இன் 10-ஆம் அட்டவணையிலும், கட்டிய வரியை 14-ஆம் அட்டவணையிலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இந்த ஆண்டு குறையாகவும் அடுத்த ஆண்டு மிகையாகவும் தெரியும். வரி ஒரு மாதம் தாமதமானதற்கு வட்டியும் உண்டு. ஏப்ரல் 20-இலிருந்து மே 20 வரை 30 நாளுக்கு, ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் 73,800-க்கு ஏறத்தாழ 1,092 ரூபாய் வந்தது. அதை DRC-03 என்னும் படிவம் வழியாக நாமாகவே கட்டினோம்.

பிப்ரவரி வேறுபாடு வேறு வகை. ஆண்டு இலக்கை எட்டிய சில்லறைக் கடைகளுக்குத் தள்ளுபடியாக 1,80,000 ரூபாய்க்கு வரி சேர்க்காத கிரெடிட் நோட்டுகள் கொடுக்கப்பட்டிருந்தன. புத்தகத்தில் அவை விற்பனையிலிருந்து கழிந்துவிட்டன. ஆனால் ஜிஎஸ்டிக்கு அவை வெறும் பணக் கணக்கு மட்டுமே. அவற்றால் நம் வரிப் பொறுப்பு குறையாது, வாங்கியவரும் தாம் எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை. ஆகவே GSTR-3B-இல் அவற்றைக் கழிக்காமல் விட்டது சரிதான். இதை அறியாமல், புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அறிக்கையில் கழித்திருந்தால், 32,400 ரூபாய் வரி குறைவாகக் கட்டியதாகியிருக்கும். GSTR-9C-இல், புத்தகத்தில் கழித்து ஜிஎஸ்டியில் கழிக்க இயலாத கிரெடிட் நோட்டுகளைத் திரும்பக் கூட்டுவதற்கென்றே 5J என்ற வரிசை இருக்கிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். புத்தகத்தின் 5,36,40,000-உடன் 5J-இல் 1,80,000 சேர்த்தால் 5,38,20,000. மறுபுறம் மாத அறிக்கைகளின் 5,34,10,000-உடன் 10-ஆம் அட்டவணையில் காட்டிய 4,10,000 சேர்ந்தால் அதே 5,38,20,000. ஒத்துப்போகாத தொகையைக் காட்டும் 5R வரிசை பூஜ்யமாக நின்றது.

விற்பனை மொத்தம் ஒத்துப்போனதும் கோப்பை மூடிவிடக் கூடாது. வரியைத் தலைப்பு வாரியாகவும், அதாவது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி என்று பிரித்தும் ஒப்பிட வேண்டும். எங்கள் பகுதிக்கு இது மிகவும் தேவையான எச்சரிக்கை. காட்பாடியைத் தாண்டிச் சிறிது தூரம் போனாலே ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. சித்தூர்க் கடைக்காரர் நமக்குக் குடியாத்தத்துக்காரரைப் போலவே பழகிய வாடிக்கையாளர். இந்தக் கடையிலும், லாரியில் சித்தூருக்கு அனுப்பிய 3,00,000 ரூபாய்ச் சரக்குக்கு, உள்ளூர் விற்பனை போல 27,000 சிஜிஎஸ்டி, 27,000 எஸ்ஜிஎஸ்டி என்று பில் போட்டிருந்தார்கள். விற்பனைத் தொகையும் சரி, மொத்த வரி 54,000 என்பதும் சரி. அதனால் எந்த மொத்தத்திலும் வேறுபாடு தெரியவில்லை. புத்தகத்திலும் அறிக்கையிலும் ஒரே பிழை ஏறியிருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டாலும் அகப்படாது. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்காத பில்களை மட்டும் தனியே வடிகட்டி, அவற்றில் ஐஜிஎஸ்டி இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் அது வெளிவந்தது. இத்தகைய பிழைக்குச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் வழி இருக்கிறது: சரியான தலைப்பில் 54,000-ஐக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கோரலாம், தாமதத்துக்கு வட்டி கிடையாது. திரும்பக் கோருவதற்கு, சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

கொள்முதல் பக்கத்தில் நேரும் இழப்பு இதைவிட வேதனையானது, ஏனெனில் அங்கே கைக்காசு போகிறது. அதே கடையில் 1,20,000 ரூபாய்க் கொள்முதல் ஒன்றுக்குரிய 21,600 ரூபாய் வரி, புத்தகத்தில் வரவாக இருந்தது. விற்றவர்கள் பதிவேற்றும் பில்களைக் கொண்டு நமக்கு மாதந்தோறும் உருவாகும் GSTR-2B பட்டியலில் எந்த மாதத்திலும் இல்லை. சரக்கு விற்றவர் பில்லைப் பதிவேற்றும்போது, உரிமையாளரின் தம்பி நடத்தும் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுவிட்டார். நாங்கள் செப்டம்பரில் பார்த்ததால், அவர் அக்டோபர் மாத GSTR-1-இல் எண்ணைத் திருத்தி நவம்பர் 11-க்குள் தாக்கல் செய்தார். நவம்பர் 14 அன்று உருவான GSTR-2B-இல் பில் வந்தது. அக்டோபர் GSTR-3B-இல் வரவை எடுத்தோம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதமானாலும் நவம்பர் 30 கடந்திருக்கும். டிசம்பரில் கண்டுபிடித்திருந்தால் விற்றவராலும் திருத்த இயலாது, நம்மாலும் எடுக்க இயலாது. GSTR-9-இல் புதிதாக வரவு எடுக்க இடமே இல்லை என்பதைப் பலர் அறியாமல், ஆண்டு அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிறார்கள். அப்படி விட்ட வரி செலவாகத்தான் எழுதப்பட வேண்டும்.

இங்கே ஒரு சிறு குறிப்பும் வேண்டும். ஏப்ரல், மே மாத GSTR-3B-இல் முந்தைய ஆண்டுப் பில்களுக்கான வரவும் கலந்திருக்கும். அதைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றும். 2024-25 படிவத்தில் அந்தத் தொகைக்கென 6A1 என்ற வரிசை சேர்க்கப்பட்டுள்ளது.

வேறுபாட்டின் காரணம் தெரியாதபோது, மார்ச் 31 தேதியிட்டு ஒரு பதிவு போட்டுப் புத்தகத்தை அறிக்கைக்கு இழுத்துவிடும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. இதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அதே புத்தகத்தின் அடிப்படையில் வருமான வரிக் கணக்கு அதற்குள் போயிருக்கும். அங்கே ஒரு விற்பனை, இங்கே ஒரு விற்பனை என்று நிற்கும். வேறுபாட்டை அப்படியே காட்டி 6-ஆம் அட்டவணையில் காரணத்தை எழுதுவதற்குப் படிவமே இடம் தருகிறது.

GSTR-9-ஐத் தாக்கல் செய்தபின் திருத்த முடியாது. GSTR-9C தர வேண்டியவர், GSTR-9-ஐ மட்டும் 31-க்குள் போட்டுவிட்டு மற்றதைப் பொங்கலுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதும் தவறு. இரண்டும் சேர்ந்தால்தான் ஆண்டு அறிக்கை முழுமை பெறும் என்றும், அதுவரை தாமதக் கட்டணம் ஓடும் என்றும் 2025 ஜனவரியில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. 5 கோடிக்கு மேல் 20 கோடி வரை விற்றுமுதல் உள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்ச அளவு விற்றுமுதலில் 0.04 சதவீதம். நாம் பார்த்த கடை GSTR-9C-ஐ ஜனவரி 20 அன்று தந்திருந்தால், GSTR-9 நேரத்துக்குப் போயிருந்தும் 2,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டும்.