தமிழ் சப்டைட்டில் வேகத்தை எப்படிச் சரிபார்ப்பது

சிங்கப்பூரில் தமிழ் சப்டைட்டில் வேலை பெரும்பாலும் நேரம் குறித்த ஆங்கிலக் கோப்பாகத்தான் கைக்கு வரும், அந்த நேரத்துக்குள்ளேயே தமிழை அடைக்கப் பார்ப்போம், அங்கேதான் சிக்கல்.

முதலில் உங்கள் மென்பொருள் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஒரு விநாடி நீளமுள்ள வரியில் 'போங்க' என்று மட்டும் தட்டுங்கள். விநாடிக்கு எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும் CPS 5 என்று காட்டினால் அது புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனி யூனிகோடு குறிகளாக எண்ணுகிறது, 3 என்றால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை.

இந்த வித்தியாசம் பெரியது. 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்ற வரி 1.5 விநாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியோடு 22 குறிகள், அதாவது விநாடிக்கு கிட்டத்தட்ட 15. எழுத்தாக எண்ணினால் 12தான், விநாடிக்கு 8. வரி ஒன்றுதான், வாசிப்பவருக்கு வேகமும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது கணக்கில் இன்னும் நிறைய இடம் இருப்பதுபோலத் தோன்றும், அதை நம்பிச் சொற்களைச் சேர்த்தால் பார்வையாளர் பாதி வரியில் நின்றுவிடுவார். அதனால் வாடிக்கையாளர் தந்த உச்சவரம்பு எந்தக் கணக்கில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை சரி என்றாலும் அகலம் தனி. ணை, னூ, ஞா போன்றவை நிறைந்த வரி, அதே எண்ணிக்கையுள்ள வேறு வரியைவிட நீண்டு ஓடும், கண்ணும் அதிக தூரம் போக வேண்டும். இறுதி எழுத்துருவிலேயே ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடினால் அடுத்த வரிக்கு முன் வெற்று நேரம் இருக்கிறதா என்று பார்த்து முடிவை நீட்டுங்கள், இல்லையென்றால் படத்திலேயே தெரிகிற பெயரையும் விளியையும் முதலில் வெட்டுங்கள்.